தற்றுணிபு வரம்பு: ஸ்ட்ராஸ்பேர்க் எங்கே ஒதுங்குகிறது, அதை ஏன் குறை சொல்கிறார்கள்? கேள்வி பதில்

மார்ஜின் ஒஃப் அப்ரிசியேஷன் என்கிறார்களே, தமிழில் அதை எப்படிச் சொல்வது?

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஆங்கிலச் சொல்லையே சொல்லிவிட்டுப் போகிறார்கள். தமிழில் எழுதும்போது ‘தற்றுணிபு வரம்பு’ என்பது பொருந்தும். ‘பாராட்டு எல்லை’ என்று சிலர் பெயர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறோம், அது பிழை. பிரெஞ்சு மொழியில் ‘அப்ரிசியாசியோன்’ என்றால் நிலைமையைக் கணித்து மதிப்பிடுவது. பாராட்டுக்கு இதில் இடமே இல்லை.

ஓர் உரிமையை எவ்வளவு கட்டுப்படுத்தலாம் என்பதை முதலில் கணிப்பது அந்தந்த நாட்டின் பாராளுமன்றம், அரசாங்கம், நீதிமன்றம். அந்தக் கணிப்பை எவ்வளவு நெருங்கிச் சோதிப்பது என்று ஸ்ட்ராஸ்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்மானிக்கிறது. வரம்பு அகலமென்றால் சோதனை மேலோட்டம். ஒடுக்கமென்றால் நாடு சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் ஆதாரம் கேட்கப்படும். மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய சமவாயம் 1950இல் எழுதப்பட்டபோது இந்தச் சொல் அதில் எங்கும் இருக்கவில்லை. தீர்ப்புகளில் வளர்ந்தது இது.

எந்த வழக்கில் தொடங்கியது?

வேர் அவசரகால வழக்குகளில் இருக்கிறது. சைப்ரஸில் பிரித்தானியா நடந்துகொண்ட முறை பற்றி 1950களில் கிரேக்கம் முறையிட்டபோது, ஆபத்து எவ்வளவு பெரியது என்று கணிப்பதில் அரசுக்குக் கொஞ்சம் இடம் உண்டு என்று அன்றைய ஐரோப்பிய மனித உரிமைகள் ஆணைக்குழு சொன்னது. ஆனால் இன்று எல்லாரும் மேற்கோள் காட்டுவது 1976 டிசம்பர் 7ஆம் திகதி வந்த ஹென்டிசைட் எதிர் ஐக்கிய இராச்சியம் தீர்ப்பை.

பாடசாலைப் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டு, பாலியல் பற்றிய பகுதியும் கொண்ட ஒரு டெனிஷ் நூலின் ஆங்கிலப் பதிப்பை ஹென்டிசைட் வெளியிட்டார். ஆபாச வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் அவருக்கு மொத்தம் 50 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது, பிரதிகளும் பறிமுதலாயின. ஐரோப்பாவில் பல இடங்களில் அந்த நூல் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் பேச்சுரிமை மீறப்படவில்லை என்று 13க்கு 1 என்ற கணக்கில் முடிவானது. ஒழுக்கம் பற்றி ஐரோப்பா முழுவதற்கும் ஒரே கருத்து கிடையாது, தங்கள் சமூகத்தோடு நாளாந்தம் ஊடாடும் உள்நாட்டு அதிகாரிகளுக்கே அது நன்றாகத் தெரியும் என்பது காரணம். ஒரு விடயத்தை மட்டும் மறக்கக்கூடாது. வரம்போடு கூடவே ஐரோப்பிய மேற்பார்வையும் போகும் என்று அதே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. முதற்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது நம்மூர் மனுக்களிலும் நடக்கிறது.

எப்போது அகலும், எப்போது ஒடுங்கும்?

சித்திரவதை, அடிமைத்தனம் ஆகியவற்றில் நடைமுறையில் இதற்கு இடமில்லை. தனிவாழ்க்கை, சமயம், பேச்சு, ஒன்றுகூடல் போன்ற, ‘ஜனநாயக சமூகத்தில் அவசியமா’ என்ற கேள்வி எழும் உரிமைகளில்தான் இது பெரும்பாலும் விளையாடுகிறது.

ஒருவருடைய வாழ்வின் மிக அந்தரங்கமான பகுதியைத் தொட்டால் ஒடுங்கும். வயதுவந்த ஆண்கள் இருவருக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய வட அயர்லாந்துச் சட்டம் 1981இல் டட்ஜன் வழக்கில் விழுந்தது அப்படித்தான். அரசியல் பேச்சுக்கும் ஒடுங்கும். சமயமும் அரசும், பொருளாதாரக் கொள்கை, நாட்டுப் பாதுகாப்பு என்று வரும்போது அகலும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு காரணி இருக்கிறது: உறுப்பு நாடுகளிடையே அந்த விடயத்தில் பொதுக் கருத்து உருவாகியிருக்கிறதா என்பது. இருந்தால் ஒடுங்க வேண்டும், இல்லாவிட்டால் அகல வேண்டும் என்பது சொல்லப்படும் விதி. பிரச்சினையின் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வழக்கை எடுத்து, படிப்படியாகக் காட்ட முடியுமா?

எஸ்.ஏ.எஸ். எதிர் பிரான்ஸ், ஸ்ட்ராஸ்பேர்க்கின் 17 நீதிபதிகள் கொண்ட பெரும் அமர்வு, 2014 ஜூலை 1. முகத்திரைத் தடை பற்றிய வழக்கு. கோட்பாட்டின் பலமும் பலவீனமும் ஒரே தீர்ப்பில் தெரிவதால் இதையே எடுக்கிறோம்.

2010 ஒக்டோபர் 11ஆம் திகதிய பிரெஞ்சுச் சட்டம் பொது இடத்தில் முகத்தை மறைக்கும் உடையைத் தடைசெய்தது. தண்டம் ஆகக்கூடியது 150 யூரோ; அதற்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ பிரஜாவுரிமை பற்றிய வகுப்புக்குப் போகும்படியும் பணிக்கலாம். சட்டம் 2011 ஏப்ரல் 11ஆம் திகதி அமுலுக்கு வந்த அன்றே, 1990இல் பிறந்த ஒரு முஸ்லிம் பெண் ஸ்ட்ராஸ்பேர்க்குக்கு விண்ணப்பித்தார். அவர் பிரெஞ்சுப் பிரஜை. யாரும் வற்புறுத்தவில்லை, விரும்பும் நேரத்தில் மட்டும் அணிகிறேன், சோதனைச் சாவடியில் முகத்தைக் காட்டவும் தயார் என்றார்.

நீதிமன்றம் முதலில் கேட்டது: நாடு சொல்லும் நோக்கங்கள் சமவாயத்தில் உள்ள பட்டியலுக்குள் வருகின்றனவா? பெண் சமத்துவம் என்ற காரணத்தை ஏற்கவில்லை. அந்தப் பெண்களே தங்கள் உரிமையென்று சொல்லி அணிவதை அவர்களுடைய சமத்துவத்தின் பெயரால் அரசு தடுக்க முடியாது என்றது. மனித மாண்பு என்ற காரணமும் அப்படியே போனது. பொதுப் பாதுகாப்பு ஒரு நியாயமான நோக்கம்தான். ஆனால் எல்லா இடத்துக்கும் எல்லா நேரத்துக்கும் பொருந்தும் முழுத்தடை, பொதுப் பாதுகாப்புக்குப் பொதுவான அச்சுறுத்தல் நிலவும் சூழலில் மட்டுமே விகிதாசாரமாக இருக்கும், பிரான்ஸ் அப்படியொரு சூழலைக் காட்டவில்லை என்றது (பந்தி 139). இதுவரை சோதனை மிகக் கடுமையானது. அரசின் காரணங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

எஞ்சியது ஒன்று: ‘கூடி வாழ்தல்’. முகம் பார்த்துப் பழகுவது சமூக வாழ்வின் அடிப்படை, அதை மறைப்பவர் மற்றவர்களுடைய உரிமையைத் தொடுகிறார் என்பது அரசின் வாதம். சமவாயத்தில் இப்படியொரு நோக்கம் எழுதப்படவில்லை. நீதிமன்றம் அதை ‘மற்றவர்களின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் பாதுகாத்தல்’ என்ற தலைப்பின் கீழ் சேர்த்துக்கொண்டது. எப்படியும் வளைக்கக்கூடிய கருத்து, துஷ்பிரயோகத்துக்கு இடமுண்டு, ஆகவே கவனமாகச் சோதிப்போம் என்று தானே எச்சரித்தது. அதன் பிறகு நடந்தது எதிர்மாறு. ஒரு சமூகம் எப்படிக் கூடி வாழவேண்டும் என்பது அந்தச் சமூகத்தின் தெரிவு, பிரான்ஸுக்கு இதில் அகலமான வரம்பு உண்டு, தண்டமும் சிறியது என்று 15க்கு 2 என்ற கணக்கில் மீறல் இல்லை என்று முடித்தது.

பாதிக்கப்பட்ட பெண்களின் தொகை தீர்ப்பிலேயே இருக்கிறது: ஏறத்தாழ 1,900 பேர். நாட்டின் சனத்தொகை அப்போது சுமார் 6.5 கோடி. இவ்வளவு சிறிய தொகைக்கு முழுத்தடை எதற்கு என்று நீதிமன்றமே கேட்டது. அந்தக் கேள்விக்கு வரம்பைத் தவிர வேறு பதில் தீர்ப்பில் இல்லை.

47 நாடுகளில் இரண்டுதான் தடைசெய்திருந்தன. பிறகு எப்படிப் ‘பொதுக் கருத்து இல்லை’ என்றார்கள்?

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நுஸ்பேர்கர், யேடர்ப்லொம் என்ற இரு நீதிபதிகளும் இதையே கேட்டார்கள். அப்போது 47 உறுப்பு நாடுகள். தடை இருந்தவை பிரான்ஸும் பெல்ஜியமும். மற்ற 45 நாடுகள் இப்படியொரு சட்டம் தேவையென்று நினைக்கவில்லை. பிரான்ஸ் தனித்து நிற்கிறது என்பதைப் பெரும்பான்மையினரும் ஒப்புக்கொண்டார்கள் (பந்தி 156). ஆனால் பல நாடுகளில் இது விவாதமாக இருக்கிறது, வேறு சில நாடுகளில் முகத்திரை அரிதென்பதால் பிரச்சினையே எழவில்லை, ஆகவே தடைக்கு எதிராக ஒரு பொதுக் கருத்து உண்டென்று சொல்ல முடியாது என்றார்கள்.

கேள்வியை எப்படி வைக்கிறோமோ அப்படித்தான் விடை வரும். ‘எத்தனை நாடுகள் தடைசெய்யவில்லை’ என்று எண்ணினால் பொதுக் கருத்து மிகத் தெளிவு. ‘எத்தனை நாடுகள் தடைசெய்யக்கூடாது என்று தீர்மானித்தன’ என்று எண்ணினால் அது மறைந்துவிடும். எதை எண்ணுவது என்பதற்கு நீதிமன்றத்திடம் நிலையான விதி இல்லை.

பொதுக் கருத்து இருக்கிறதென்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டாலும் அது உதவும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2010 டிசம்பரில் வந்த ஏ, பி, சி எதிர் அயர்லாந்து வழக்கில், அயர்லாந்துச் சட்டம் இடமளித்ததைவிடப் பரந்த காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதிப்பதில் பெரும்பாலான நாடுகளிடையே பொதுக் கருத்து உண்டென்று சொன்னார்கள். ஆனால் அது வரம்பைத் தீர்க்கமாக ஒடுக்காது என்று, உடல்நலத்துக்காகவும் நல்வாழ்வுக்காகவும் கருக்கலைப்பு வேண்டிய முதலிரு பெண்களின் முறைப்பாட்டை 11க்கு 6 என்ற கணக்கில் நிராகரித்தார்கள். இருந்தாலும் அரசுக்கு வெற்றி, இல்லாவிட்டாலும் அரசுக்கு வெற்றி என்றால் அந்த அளவுகோல் எதை அளக்கிறது?

மற்ற முக்கியமான குறை என்ன?

எங்கள் பார்வையில் மிகக் கனமானது, இது காரணத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பது. ‘அரசு சரி செய்தது, ஏனென்றால்...’ என்று எழுதுவது ஒரு தீர்ப்பு. ‘அரசு தன் வரம்பைத் தாண்டவில்லை’ என்று எழுதுவது முடிவை வேறு வார்த்தையில் சொல்வது மட்டுமே. வழக்கில் தோற்றவருக்கு ஏன் தோற்றோம் என்று தெரியாது. அடுத்த வழக்கறிஞருக்கும் எதைச் சோதிக்கவேண்டும் என்று புரியாது. நீதிமன்றத்தின் உள்ளேயிருந்தே இந்தக் குரல் வந்திருக்கிறது: 1997இல் இசட் எதிர் பின்லாந்து வழக்கில் நீதிபதி டி மேயர், இந்தக் கருத்தை நீதிமன்றம் தன் நியாயங்களிலிருந்து அகற்றும் காலம் எப்போதோ வந்துவிட்டது என்று எழுதினார்.

இதிலே இரண்டு வேறு விடயங்கள் ஒரே பெயரில் கலந்திருக்கின்றன. ஒன்று, ‘இந்தக் கட்டுப்பாடு உரிமையை மீறவில்லை’ என்ற முடிவு. மற்றது, ‘மீறியதா இல்லையா என்பதைச் சொல்ல நாங்கள் பொருத்தமானவர்களல்ல’ என்ற ஒதுங்கல். ஒரு சர்வதேச நீதிமன்றம் சில வேளைகளில் ஒதுங்குவதற்கு நேர்மையான காரணங்கள் உண்டு: தகவல் தூரத்தில் இருக்கிறது, உள்நாட்டு நீதிமன்றம் ஏற்கனவே முழுமையாக ஆராய்ந்திருக்கிறது. ஆனால் ஒதுங்கினோம் என்று சொல்லவேண்டும். ஒதுங்கியதை ‘மீறல் இல்லை’ என்று பதிந்தால், அடுத்த நாட்டின் பாராளுமன்றம் அதை அங்கீகாரமாக எடுத்துக்கொள்கிறது.

சிறுபான்மையினருக்கு இது ஆபத்து என்கிறார்களே?

ஆம், கொழும்பில் இருந்து வாசிப்பவருக்கு இது தூரத்து விடயமல்ல. ‘அந்தச் சமூகத்தின் தெரிவை மதிக்கிறோம்’ என்ற வாதம், பாராளுமன்றத்தில் எல்லாருடைய குரலும் எடுபடும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. வரி வீதம், வீதி அகலிப்பு போன்றவற்றில் அது சரி. இன்று தோற்றவர் நாளை வெல்லலாம். ஒரு சிறுபான்மையினரின் உடையோ வழிபாடோ பேசுபொருளானால் தோற்பவர் ஒவ்வொரு முறையும் அவரே. அவருக்காகத்தான் நாட்டுக்கு வெளியே ஒரு நீதிமன்றம் வைத்தார்கள். அந்த நீதிமன்றமே பெரும்பான்மையின் தெரிவைக் காரணமாக ஏற்றால் அவர் போக இடமில்லை. பேராசிரியர் எயால் பென்வெனிஸ்டி 1999இல் முன்வைத்த விமர்சனத்தின் மையம் இது.

இத்தாலிய வகுப்பறைச் சிலுவை பற்றிய லவுட்சி வழக்கைப் பாருங்கள். 2009இல் ஏழு நீதிபதிகள் ஏகமனதாக மீறல் என்றார்கள். 2011 மார்ச் 18ஆம் திகதி பெரும் அமர்வு 15க்கு 2 என்று அதைப் புரட்டியது. வழக்கின் நிகழ்வுகள் மாறவில்லை, மாறியது வரம்பின் அகலம்.

ஐ.நா. மனித உரிமைகள் குழு இதே சட்டத்தைப் பற்றி என்ன சொன்னது?

மாறாகச் சொன்னது. அதே பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்ட இரு பெண்கள் ஜெனீவாவுக்குப் போனார்கள்: யாகெர் எதிர் பிரான்ஸ், ஹெப்பாஜ் எதிர் பிரான்ஸ். 2018 ஜூலையில் எடுக்கப்பட்டு ஒக்டோபரில் வெளியான முடிவு, குடிசார் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் சமயச் சுதந்திரம் பற்றிய 18ஆம் உறுப்புரையும் பாரபட்சமின்மை பற்றிய 26ஆம் உறுப்புரையும் மீறப்பட்டன என்பது.

வேறுபாடு எங்கே விழுந்தது என்பதைக் கவனியுங்கள். ‘கூடி வாழ்தல்’ மிகவும் தெளிவற்ற கருத்து, எந்த மனிதருடைய எந்த உரிமை பாதிக்கப்பட்டது என்று பிரான்ஸ் குறிப்பிட்டுச் சொல்லவில்லை என்றது குழு. பொது இடத்தில் எதிர்ப்படும் எவருடனும் ஊடாடும் உரிமையோ, முகத்திரை அணிந்தவரைக் கண்டு சங்கடப்படாதிருக்கும் உரிமையோ உடன்படிக்கையில் இல்லை. ஸ்ட்ராஸ்பேர்க் ஒதுங்கிய அதே இடத்தில் குழு ஆதாரம் கேட்டது, ஆதாரம் கிடைக்கவில்லை.

பேச்சுரிமையின் அளவை ‘தற்றுணிபு வரம்பை’ வைத்துக் கணிக்கக்கூடாது என்று அதே குழு 2011இல் தன் 34ஆம் பொதுக் கருத்துரையின் 36ஆம் பந்தியில் நேரடியாக எழுதியிருக்கிறது. எதிர்த்தரப்பு ஸ்ட்ராஸ்பேர்க்கை மேற்கோள் காட்டும்போது முதலில் எடுத்து வைக்கவேண்டிய பந்தி அது.

மற்றப் பிராந்தியங்களில்?

அமெரிக்கக் கண்டங்களுக்கான நீதிமன்றம் இந்தச் சொல்லை அரிதாகவே கையாள்கிறது. 2012இல் அதாலா ரிஃபோ எதிர் சிலி வழக்கில், தன்பாலினத் துணையோடு வாழ்ந்ததால் ஒரு தாய் மூன்று பெண்பிள்ளைகளின் பராமரிப்பை இழந்திருந்தார். சில நாடுகளில் இதுபற்றிப் பொதுக் கருத்து இல்லை என்பது அந்த உரிமையை மறுக்கச் சரியான வாதமாகாது என்றது நீதிமன்றம். ஆசியாவில் இப்படியொரு பிராந்திய நீதிமன்றமே கிடையாது.

15ஆம் நெறிமுறை எதை மாற்றியது?

அது 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமுலுக்கு வந்தது. ஐரோப்பிய சமவாயத்தின் முகவுரையில் தற்றுணிபு வரம்பு என்ற சொல் அதன்மூலம் முதன்முதலாக ஏறியது. நீதிமன்றத்தின் மேற்பார்வைக்கு உட்பட்டே என்ற வாசகமும் கூடவே இருக்கிறது. பழைய தீர்ப்புகளை அது புதிதாக ஒன்றும் ஆக்கிவிடவில்லை.

கொழும்பில் அடிப்படை உரிமை மனுவில் அரசு தரப்பு இதைச் சொன்னால் என்ன பதில்?

இது இங்கே செல்லாது என்பதே முதற் பதில். தற்றுணிபு வரம்பு ஒரு சர்வதேச நீதிமன்றத்துக்கும் ஒரு நாட்டுக்கும் இடையிலான தூரத்தைக் குறிக்கும் சொல். நம் அரசியலமைப்பின் உறுப்புரை 126இன் கீழ் மனுவைக் கேட்கும் உயர் நீதிமன்றம் அந்த நாட்டின் உள்ளேதான் இருக்கிறது. உள்ளூர் நிலைமையை அறிந்தவர் என்று ஸ்ட்ராஸ்பேர்க் சொல்வது நம் நீதியரசர்களையும் சேர்த்துத்தான். அவர்களே ஒதுங்கினால் யாரும் சோதிக்காத கட்டுப்பாடு ஒன்று மிஞ்சும்.

இதற்கு நல்ல துணை இலண்டனில் இருக்கிறது. 2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு, பயங்கரவாதச் சந்தேகத்தில் வெளிநாட்டவரை விசாரணையின்றித் தடுத்துவைக்கப் பிரித்தானியா சட்டம் செய்தது. 2004 டிசம்பர் 16ஆம் திகதி அன்று அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் அது சமவாயத்துக்கு முரண் என்றார்கள். அவசரநிலை இருக்கிறதா என்ற கேள்வியில் அரசின் கணிப்பை அநேகமாக ஏற்றார்கள். எடுத்த நடவடிக்கையைச் சோதித்தபோது, அதே ஆபத்துள்ள பிரித்தானியர் வெளியே நடமாட வெளிநாட்டவர் மட்டும் உள்ளே இருப்பது விகிதாசாரமல்ல, பாரபட்சம் என்றார்கள். அரசு ஸ்ட்ராஸ்பேர்க்கில், எங்கள் நீதிபதிகள் எங்களுக்கு வரம்பு தந்திருக்க வேண்டும் என்று வாதிட்டது. 2009 பெப்ரவரி 19ஆம் திகதி பெரும் அமர்வு மறுத்தது: இந்தக் கோட்பாடு நாட்டுக்கும் எங்களுக்கும் இடையிலான உறவுக்கானது, ஒரு நாட்டின் அங்கங்களுக்கு இடையில் அது அப்படியே பொருந்தாது (ஏ மற்றும் ஏனையோர் எதிர் ஐக்கிய இராச்சியம், பந்தி 184). மனுவில் சேர்க்க இந்த ஒரு பந்தி போதும்.

அடுத்தது நம் அரசியலமைப்பின் வாசகம். உறுப்புரை 15(7) ‘சட்டத்தால் விதிக்கப்படும்’ கட்டுப்பாடுகளைத் தேசிய பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அனுமதிக்கிறது. ‘ஜனநாயக சமூகத்தில் அவசியமான’ என்ற ஐரோப்பியச் சோதனை அப்படியே அங்கு இல்லை. சோதனைச் சொல்லே பலவீனமாக இருக்கும் இடத்தில் ஐரோப்பிய விட்டுக்கொடுப்பையும் கொண்டுவந்து சேர்த்தால் உரிமைக்கு இரண்டு முறை வெட்டு விழும். சிந்தனை, மனச்சாட்சி, சமயம் பற்றிய உறுப்புரை 10, உறுப்புரை 15இன் கட்டுப்பாடுகளுக்கு வெளியே நிற்கிறது. சமயத்தை வெளிப்படுத்தும் உரிமை 14(1)(உ) அவற்றுக்கு உட்பட்டது. முகத்திரை எதன் கீழ் வருகிறது என்பதே மனுவின் முதல் சண்டையாக இருக்கும். காலம் ஒரு மாதம் மட்டுமே என்பதால் இதை முதல் வாரத்திலேயே முடிவுசெய்யுங்கள்.

2019இல் இங்கே போட்ட முகமூடித் தடைக்கு எஸ்.ஏ.எஸ். யாருக்கு உதவும்?

இரு தரப்புக்கும், வெவ்வேறு காலத்தில். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் ஏப்ரல் 21. ஆளை அடையாளம் காணத் தடையாக முகத்தை மூடும் உடையைத் தடுத்த அவசரகால ஒழுங்குவிதி ஏப்ரல் 29. பந்தி 139 கேட்கும் பொதுவான அச்சுறுத்தல் அந்த நாட்களில் இல்லையென்று வாதிடுவது கடினம். அதை மறுத்துக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

ஆனால் அதே பந்தி அரசைக் கட்டவும் செய்கிறது. பாதுகாப்பு என்ற காரணம் அச்சுறுத்தல் இருக்கும்வரைதான் முழுத்தடையைத் தாங்கும். 2019 ஓகஸ்டில் அவசரகால நிலை முடிவுக்கு வந்தது. ஒழுங்குவிதியின் அடித்தளமும் அதோடு போனது. 2021 ஏப்ரலில் புர்காவைத் தடைசெய்யும் யோசனைக்கு அமைச்சரவை பாதுகாப்பைக் காரணம் காட்டி அனுமதி கொடுத்தபோது அந்தச் சூழல் இருந்ததா என்பதே கேள்வி. பாதுகாப்புக்காக எஸ்.ஏ.எஸ்.ஸை மேற்கோள் காட்டுபவர் தன் வாதத்துக்கு எதிரான பந்தியையே நீட்டுகிறார். பிரான்ஸ் அந்த வழக்கில் பாதுகாப்பில் தோற்று, ‘கூடி வாழ்தலில்’ வென்றது. இலங்கை அந்த இரண்டாவது காரணத்தைச் சொன்னால் ஜெனீவாக் குழுவின் 2018 முடிவு எதிரே நிற்கும்.

அந்தக் குழுவின் முடிவு இங்கே கட்டுப்படுத்துமா?

சர்வதேச ரீதியில் இலங்கை உடன்படிக்கையில் 1980இலும், தனிநபர் முறைப்பாட்டுக்கான விருப்ப நெறிமுறையில் 1997இலும் சேர்ந்தது. ஆனால் 2006 செப்டெம்பர் 15ஆம் திகதி சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் கொண்ட அமர்வு, 1997இல் ஜனாதிபதி அந்த நெறிமுறையில் இணைந்தது அரசியலமைப்புக்கு முரணானது, உள்நாட்டில் அதற்கு வலுவில்லை என்று தீர்த்தது. நெறிமுறையிலிருந்து நாடு விலகவும் இல்லை. ஆகவே ஜெனீவாவுக்கு இன்றும் எழுதலாம்; அங்கே வென்ற முடிவைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு புதுக்கடைக்கு வர முடியாது, உறுப்புரை 14ஐ எப்படி வாசிப்பது என்பதற்கான வாதமாக மட்டும் கொண்டுவரலாம்.